1000 யுரேனியம், 868 காரீயம்: ஒரு பாறையின் வயதுக் கணக்கு, கேள்வி பதிலாக

கணக்கு என்ன? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஒரு பாறையிலிருந்து எடுத்த சிறு சிர்கான் மணியில், ஒவ்வொரு 1000 யுரேனியம்-238 அணுவுக்கும் 868 காரீயம்-206 அணு இருக்கிறது. யுரேனியம்-238 இன் அரை ஆயுட்காலம் 446.8 கோடி ஆண்டுகள். மணியின் வயது என்ன?

இவ்வளவுதான். பாறை கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் அகாஸ்டா ஆற்றங்கரையில் கிடைக்கும் நைஸ் என்ற உருமாறிய பாறை என்று வைத்துக்கொள்வோம். உலகில் இதுவரை வயது கண்டுபிடிக்கப்பட்ட மிகப் பழைய பாறைகளில் ஒன்று அது. 1989 இல் 396 கோடி ஆண்டுகள் என்றார்கள், 1999 இல் வேறு மணிகளை அளந்து 403 கோடி வரை கொண்டுபோனார்கள். 868 என்ற எண் ஆய்வறிக்கையில் இருந்து அப்படியே எடுத்ததல்ல, அந்த வயதுக்குப் பொருந்தும்படி நான் முழு எண்ணாக வைத்துக்கொண்டது.

அரை ஆயுட்காலம் என்றால் பாறையில் பாதி காணாமல் போய்விடுமா?

போகாது. இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பதில்லை. 100 கிராம் 50 கிராம் ஆகும், 50 கிராம் 25 ஆகும் என்று பாடத்தில் படித்துவிட்டு, பாறையே சோப்புக்கட்டி மாதிரி தேய்ந்துகொண்டு வருவதாக மனதில் படம் வரைந்துகொள்கிறோம். குறைவது யுரேனியம் அணுக்களின் எண்ணிக்கை மட்டும்தான். சிதைந்த ஒவ்வொரு யுரேனியம் அணுவுக்கும் பதிலாக, கடைசியில் ஒரு காரீய அணு அதே மணிக்குள் உட்கார்ந்திருக்கும்.

அதனால் கணக்கு முழுவதற்கும் இந்த ஒரு வரி போதும்: போனது யுரேனியம், வந்தது காரீயம், ஒன்றுக்கு ஒன்று. யுரேனியம் நேராகக் காரீயமாவதில்லை, நடுவில் தோரியம், ரேடியம், ரேடான் என்று 14 படி இறங்கித்தான் வருகிறது, அதில் 8 ஆல்ஃபா, 6 பீட்டா. ஆனால் நடுவில் இருப்பவற்றில் அதிக நாள் தாக்குப்பிடிக்கும் யுரேனியம்-234 க்கே அரை ஆயுட்காலம் இரண்டரை லட்சம் ஆண்டுக்குள்தான். கோடிக்கணக்கில் பேசும்போது அது ஒரு இமைப்பொழுது, விட்டுவிடலாம்.

தொடக்கத்தில் எவ்வளவு யுரேனியம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இன்று மிச்சம் இருக்கும் யுரேனியம் 1000. காரீயமாக மாறிவிட்டது 868. இரண்டையும் கூட்டினால் தொடக்கத்தில் இருந்தது 1868. கையில் மிச்சம் ஆயிரம் ரூபாய், செலவுச் சீட்டு 868 ரூபாய்க்கு இருக்கிறது என்றால் காலையில் எவ்வளவு கொண்டுபோனீர்கள் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அது மாதிரிதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்தச் சீட்டில் வேறு யாருடைய செலவும் எழுதியிருக்கக் கூடாது. அதாவது மணி உருவான அன்றே உள்ளே காரீயம் இருந்திருந்தால் 868 தப்பாகிவிடும். இங்கேதான் சிர்கான் கைகொடுக்கிறது.

ஏன் சிர்கான்? பாறையை மொத்தமாக அரைத்து அளக்கக் கூடாதா?

அரைத்து அளந்தால், பாறையில் ஏற்கெனவே இருந்த பழைய காரீயமும் சேர்ந்து வரும். எது யுரேனியத்திலிருந்து பிறந்தது, எது முன்பே இருந்தது என்று பிரிப்பது பெரும் பாடு.

சிர்கான் என்பது சிர்கோனியம் சிலிகேட். உருகிய பாறைக் குழம்பு ஆறும்போது இந்தப் படிகம் உருவாகிறது. சிர்கோனியம் அணு உட்கார வேண்டிய இடத்தில் யுரேனியம் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் இரண்டுக்கும் மின்சுமை ஒன்று, அளவும் அதிக வித்தியாசமில்லை. காரீயத்துக்கு அந்த இடம் பொருந்தாது. அளவும் பெரிது, மின்சுமையும் வேறு. ஆக படிகம் பிறக்கும்போது யுரேனியத்துக்கு அனுமதி உண்டு, காரீயத்துக்குக் கிட்டத்தட்ட இல்லை. பிறகு உள்ளே காணப்படும் காரீயம் பெரும்பாலும் உள்ளேயே பிறந்ததுதான்.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பழைய காரீயம் ஒட்டிக்கொண்டு வரலாம். அதைப் பிடிக்க ஆய்வகத்தில் காரீயம்-204 ஐ அளப்பார்கள். அந்த ஐசோடோப்பு எந்தக் கதிரியக்கச் சிதைவிலிருந்தும் பிறப்பதில்லை, எனவே அது தென்பட்டால் வெளிக் காரீயம் வந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு ஏற்றபடி கழித்துவிடுவார்கள். நம் கணக்கில் அந்தக் கழித்தல் முடிந்துவிட்டது, 868 சுத்தமான எண்.

மணி எவ்வளவு பெரிது என்றால், பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அதுவும் இதே சிர்கான்தான்.

சரி, இப்போது படிப்படியாகப் போட்டுக் காட்டுங்கள்.

முதல் படி, தொடக்க எண்ணிக்கை. 1000 + 868 = 1868.

இரண்டாவது, இன்று இருப்பதை விடத் தொடக்கத்தில் எத்தனை மடங்கு இருந்தது? 1868 ÷ 1000 = 1.868 மடங்கு.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், கால்குலேட்டரைத் தொடாதீர்கள். சரியாக ஒரு அரை ஆயுட்காலம் ஆகியிருந்தால் அது 2 மடங்காக இருந்திருக்கும். இரண்டு ஆகியிருந்தால் 4 மடங்கு, மூன்றென்றால் 8. நமக்குக் கிடைத்தது 1.868, அதாவது 2 ஐ விடக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் விடை ஒரு அரை ஆயுட்காலத்தை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரவேண்டும், 446.8 கோடிக்குக் கீழே, ரொம்பக் கீழே அல்ல. இதைக் காகிதத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். கடைசியில் வேறு ஏதாவது வந்தால் தவறு எங்கோ இருக்கிறது என்று உடனே தெரியும்.

மூன்றாவது படியில், 2 ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 1.868 வரும் என்று கேட்கிறோம். அந்த அடுக்குதான் கடந்துபோன அரை ஆயுட்காலங்களின் எண்ணிக்கை, அதை n என்று வைத்துக்கொள்வோம். மடக்கை எடுத்தால் அடுக்கு கீழே இறங்கிவிடும்:

```
2^n = 1.868
n = log(1.868) / log(2)
n = 0.2714 / 0.3010
n = 0.9015
```

நான்காவது, ஒரு அரை ஆயுட்காலம் 446.8 கோடி ஆண்டுகள் என்றால் 0.9015 அரை ஆயுட்காலம் எவ்வளவு?

```
t = 0.9015 × 446.8 = 402.8
```

ஏறத்தாழ 403 கோடி ஆண்டுகள். ஓரத்தில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துப்போகிறது.

எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுத வேண்டுமென்றால் இப்படி. இதில் P இன்றைய தாய் அணுக்கள், D சேய் அணுக்கள், T அரை ஆயுட்காலம்:

```
t = T × log(1 + D/P) / log(2)
```

மடக்கை 10 ஐ அடிமானமாகக் கொண்டதா, e யா?

எதுவானாலும் சரி, மேலேயும் கீழேயும் ஒரே வகையாக இருந்தால் போதும். ஒன்றை ஒன்றால் வகுப்பதால் அடிமானம் அடிபட்டுப்போகும். புத்தகத்தில் 0.693 என்று வருகிறதே, அது e அடிமானத்தில் 2 இன் மடக்கை, வேறொன்றும் இல்லை. மேலே 10 அடிமானம், கீழே 0.693 என்று கலந்துவிட்டால்தான் வம்பு, விடை பாதிக்கும் கீழே போய்விடும்.

46 சதவீதம்தானே சிதைந்திருக்கிறது, 50 சதவீதத்துக்கு 446.8 கோடி என்றால் நேராகக் குறுக்குப் பெருக்கல் போட்டால் என்ன?

போட்டுத்தான் பார்ப்போமே. 1868 இல் 868 போய்விட்டது, அதாவது 46.5 சதவீதம். குறுக்குப் பெருக்கலில் 446.8 × 46.5 ÷ 50, சுமார் 415 கோடி ஆண்டுகள் வருகிறது. சரியான விடையை விட 12 கோடி ஆண்டுகள் அதிகம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் டைனோசர்கள் உலவிக்கொண்டிருந்தன.

ஏன் தப்பு? குறுக்குப் பெருக்கல் போடும்போது, ஒவ்வொரு கோடி ஆண்டிலும் ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் சிதைவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரே எண்ணிக்கை அல்ல, ஒரே விகிதம். தொடக்கத்தில் அணுக்கள் அதிகம், அதனால் சிதைவும் வேகம். பிறகு அணுக்கள் குறையக் குறைய சிதைவும் மந்தமாகிறது. முதல் 46.5 சதவீதம் வேகமான பருவத்தில் போனது, ஆகவே அதற்கு ஆன காலம் குறுக்குப் பெருக்கல் காட்டுவதை விடக் குறைவு.

எனக்கு விடை மைனஸில் வந்தது. எங்கே தப்பு செய்தேன்?

1 ஐக் கூட்ட மறந்திருப்பீர்கள். ஒருமுறை ஒரு பையன் இதே கணக்கில் வயது மைனஸ் 91 கோடி ஆண்டுகள் என்று எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தான். அந்தப் பாறை இனிமேல்தான் பிறக்கப்போகிறது போலிருக்கிறது என்றேன். அவன் செய்தது, 868 ÷ 1000 = 0.868 க்கு நேராக மடக்கை எடுத்தது. 1 க்குக் குறைந்த எண்ணின் மடக்கை எப்போதும் மைனஸ்தான்.

0.868 என்பது காரீயத்தை யுரேனியத்தால் வகுத்தது. நமக்கு வேண்டியது தொடக்க யுரேனியத்தை இன்றைய யுரேனியத்தால் வகுத்தது, அது 1.868. சூத்திரத்தில் உள்ள அந்த 1 வேறு யாருமில்லை, இன்றும் மிச்சமிருக்கும் யுரேனியம்தான். மைனஸில் வந்ததே நல்லது என்பேன், தப்பு என்று முகத்தில் அடித்தாற்போல் தெரிந்துவிடுகிறது. காரீயம் யுரேனியத்தை விட அதிகமாக உள்ள பாறையில் இதே தப்பைச் செய்தால் விடை பிளஸில் வரும், பார்ப்பதற்கு யோக்கியமாகவும் இருக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கேள்வித்தாளில் அணுக்கள் தரவில்லை, கிராம் கணக்கில் தந்திருக்கிறார்கள். அப்படியே போடலாமா?

கூடாது. இந்தக் கணக்கில் அதிகம் பேர் விழும் குழி இதுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது, விடை அழகாக வந்துவிடும்.

நம் மணியையே எடுத்துக்கொள்வோம். 1000 யுரேனியம் அணுக்களின் நிறை 1000 × 238 = 2,38,000 அலகு. 868 காரீய அணுக்களின் நிறை 868 × 206 = 1,78,808 அலகு. நிறையை நிறையால் வகுத்தால் 0.7513. கேள்வியில் "ஒரு கிராம் யுரேனியத்துக்கு 0.7513 கிராம் காரீயம்" என்று இருக்கும், இதை D/P என்று சூத்திரத்தில் போட்டால் 361 கோடி ஆண்டுகள் வரும். 42 கோடி ஆண்டுகள் காணாமல் போய்விட்டன!

காரணம் எளிது. யுரேனியம் காரீயமாகும்போது 8 ஆல்ஃபா துகள்களை வெளியே தள்ளுகிறது, ஒவ்வொன்றும் 4 அலகு, மொத்தம் 32. 238 இலிருந்து 32 போனால் 206. எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று, ஆனால் நிறையில் அப்படி இல்லை. எனவே கிராமில் தந்தால் முதலில் ஒவ்வொன்றையும் அதனதன் நிறை எண்ணால் வகுங்கள்:

```
D/P = (0.7513 / 206) / (1 / 238) = 0.868
```

அப்புறம் வழக்கம்போல்.

446.8 கோடி ஆண்டுகள் யார் உட்கார்ந்து காத்திருந்து அளந்தார்கள்?

காத்திருக்க வேண்டியதில்லை, எண்ணினால் போதும். ஒரு கிராம் யுரேனியம்-238 இல் எத்தனை அணு இருக்கிறது என்று அவகாட்ரோ எண்ணிலிருந்து கிடைத்துவிடும், சுமார் 2.53 × 10^21. அந்த ஒரு கிராமிலிருந்து ஒரு விநாடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்று கருவி வைத்து எண்ணினால் ஏறத்தாழ 12,440 வரும். இரண்டும் தெரிந்தால்:

```
T = 0.693 × 2.53e21 / 12440 = 1.41e17 விநாடி
```

ஓர் ஆண்டுக்கு 3.156 × 10^7 விநாடி என்று வகுத்தால் 447 கோடி ஆண்டுகள். 12,440 என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், இருக்கும் அணுக்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீண்ட ஆயுள்.

காரீயம் கசிந்து வெளியே போயிருந்தால்?

போகும். இந்த முறையின் உண்மையான பலவீனம் இதுதான். யுரேனியம் சிதையும்போது ஆல்ஃபா துகளும், அதை உதைத்துத் தள்ளிய அணுவும் படிகத்தின் ஒழுங்கைக் கலைத்துவிடுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படி அடிபட்ட மணியில் விரிசல் வழியாகத் தண்ணீரும் சூடும் புகுந்தால், முதலில் வெளியேறுவது அந்த இடத்துக்குப் பொருந்தாத காரீயம்தான்.

நம் மணியில் அண்மைக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு காரீயம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 868 க்குப் பதில் 781. கணக்குப் போட்டால் 1.781 இன் மடக்கை 0.2507, அதை 0.3010 ஆல் வகுத்தால் 0.833, வயது 372 கோடி. மணி 31 கோடி ஆண்டுகள் இளமையாகிவிட்டது. வந்த விடையை மட்டும் பார்த்தால் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் அதே மணிக்குள் இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. யுரேனியம்-235, அரை ஆயுட்காலம் 70.4 கோடி ஆண்டுகள், அது சிதைந்து காரீயம்-207 ஆகிறது. 402.8 கோடி ஆண்டுகளில் இதற்கு 5.72 அரை ஆயுட்காலம் ஆகியிருக்கும், அதனால் காரீயம் எதுவும் போகாத மணியில் ஒவ்வொரு யுரேனியம்-235 அணுவுக்கும் 51.8 காரீயம்-207 அணு இருக்க வேண்டும். கசிவுக்கு ஐசோடோப்பு வித்தியாசம் தெரியாது, இதிலும் பத்தில் ஒரு பங்கு போய் 46.6 ஆகும். இப்போது 47.6 இன் மடக்கை 1.6776, அதை 0.3010 ஆல் வகுத்தால் 5.573, 70.4 ஆல் பெருக்கினால் 392 கோடி.

ஒரு கடிகாரம் 372 என்கிறது, இன்னொன்று 392 என்கிறது. இரண்டும் ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை, எனவே இந்த முரண்பாடே காரீயம் போயிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதோடு, இரண்டு காரீயமும் ஒரே பங்கில் போனதால் அவற்றுக்கு இடையிலான விகிதம் மாறவில்லை. அந்த விகிதத்தை வைத்து உண்மையான 403 கோடியை மீட்டெடுக்கலாம். பழைய சிர்கான்களுக்குப் பெரும்பாலும் அந்த வயதைத்தான் வெளியிடுகிறார்கள். அகாஸ்டா மணிகளில் அயனிக் கற்றையை மிகச் சிறிய புள்ளிகளில் பாய்ச்சி அளந்ததும் இதனால்தான், ஒரே மணியில் ஒரு புள்ளி கெட்டுப்போயிருக்கும், பக்கத்துப் புள்ளி நன்றாக இருக்கும்.

கால்குலேட்டரில் 402.79 என்று வருகிறது, அப்படியே எழுதட்டுமா?

வேண்டாம். 868 ஐ அளப்பதில் ஒரு சதவீதப் பிழை இருந்தால், அது 877 ஆகவும் இருந்திருக்கலாம். 877 போட்டால் 406 கோடி வருகிறது, மறுபக்கம் 859 போட்டால் 400 கோடிக்கு ஒட்டி வரும். ஆகவே 403, கூட்டினாலும் கழித்தாலும் 3 கோடி ஆண்டுகள் என்று எழுதுவதுதான் நேர்மை. தசம இடங்கள் கால்குலேட்டர் திரையின் தாராளம், பாறை தந்தவை அல்ல.

கார்பன்-14 போட்டால் சுலபமாக முடியாதா?

முடியாது. அதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். இத்தனை கோடி ஆண்டுகளில் ஓர் அணுகூட மிஞ்சியிருக்காது. அது மரம், எலும்பு, கரி போன்று உயிர் இருந்தவற்றுக்கு, அதுவும் சுமார் 50,000 ஆண்டுகள் வரைக்கும்தான்.

நானே போட்டுப் பார்க்க இன்னொரு கணக்கு தாருங்களேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்துச் சிர்கான் மணி ஒன்றின் வயதை 2001 இல் வெளியிட்டார்கள். அந்த வயதுக்குப் பொருந்தும் எண், 1000 யுரேனியம்-238 க்கு 980 காரீயம்-206. போட்டுவிட்டு வந்து கீழே பாருங்கள்.

1980 ÷ 1000 = 1.980. மடக்கை 0.2967, 0.3010 ஆல் வகுத்தால் 0.9855 (கையில் நான்கு தசமத்தோடு போட்டால் கடைசி இலக்கம் சற்று மாறலாம்), 446.8 ஆல் பெருக்கினால் 440 கோடி ஆண்டுகள். அவர்கள் வெளியிட்டது 440.4 கோடி. அப்படியென்றால் இது அகாஸ்டாவை விடப் பழைய பாறையா என்று கேட்டால், இல்லை. இந்த மணி கிடைத்த பாறை, ஆறு அடித்துக்கொண்டு வந்த கூழாங்கல்லும் மணலும் படிந்து சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. மணி பிறந்த முதல் பாறை எப்போதோ அரிக்கப்பட்டுப் போய்விட்டது, நாம் கண்டுபிடித்த 440 கோடி மணியின் வயது மட்டும்தான்.